டெக் லீட் நேர்காணலில் எஸ்டிமேட், தெளிவில்லாத தேவை, நடக்காத டெட்லைன்: மூன்றுக்கும் ஒரே வேலையை வைத்துப் பதில் சொல்வது எப்படி

டெக் லீட் வேலைக்கான பிஹேவியரல் சுற்றில் மூன்று கேள்விகள் ஏறக்குறைய தவறாமல் வந்துவிடும். நீங்கள் போட்ட எஸ்டிமேட் தவறிப்போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்றே தெளிவில்லாத ஒரு வேலையை எப்படிக் கையாண்டீர்கள்? முடியாது என்று தெரிந்த ஒரு தேதியை மேலிடம் கொடுத்தபோது என்ன செய்தீர்கள்?

பலர் இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனிச் சம்பவங்களைத் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் நன்றாகப் போகும். பிறகு எதிரில் இருப்பவர் "அந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். வேலையிடத்தில் இவை மூன்றும் தனித்தனி விஷயங்கள் அல்ல. தேவை தெளிவில்லாததால் எஸ்டிமேட் ஆடுகிறது. எஸ்டிமேட் ஆடுவதால்தான் தேதியைப் பற்றிப் பேச முடியாமல் போகிறது. அதனால் நீங்கள் உண்மையில் செய்த ஒரே வேலையை எடுத்து, அடிவரை ஞாபகப்படுத்திக்கொண்டு போவது நல்லது. மூன்று கேள்விக்கும் அதன் மூன்று பகுதிகள் பதிலாகும். துணைக்கேள்வி எவ்வளவு ஆழம் போனாலும் தாங்கும்.

அடிவரை என்றால் எவ்வளவு என்பதற்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் பொருள் விற்கும் ஒரு நிறுவனம். அணியில் 4 டெவலப்பர்கள். ப்ராடக்ட் மேனேஜர் ஒரு வரியில் டிக்கெட் போடுகிறார்: "வாடிக்கையாளர் தன் ஆர்டரைத் தானே ரத்து செய்ய முடிய வேண்டும்." கூடவே தேதியும் வருகிறது, 6 வாரம்.

ஒரு வரித் தேவையைப் பிரிப்பது

இந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலானோர் சொல்வது, "சம்பந்தப்பட்ட எல்லோருடனும் மீட்டிங் வைத்து, சந்தேகங்களைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டேன்." இதில் தவறில்லை. ஆனால் என்ன கேட்டீர்கள் என்பது இதில் இல்லை. நேர்காணல் எடுப்பவர் தேடுவது அதைத்தான். அடுத்த கேள்வி நிச்சயம் இப்படி வரும்: "நீங்கள் கேட்டதில் வேலையின் அளவையே மாற்றிய ஒரு கேள்வி எது?"

ரத்து வேலையில் அப்படிப்பட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. ஆர்டரில் மூன்று பொருட்கள், விலை 500, 300, 200. மொத்தம் 1000. 800-க்கு மேல் வாங்கினால் 100 தள்ளுபடி என்று ஒரு கூப்பன். வாடிக்கையாளர் கட்டியது 900. இப்போது 300 விலையுள்ள பொருளை மட்டும் ரத்து செய்கிறார். எவ்வளவு திருப்பித் தர வேண்டும்?

பொருளின் விலையைத் தருவதென்றால் 300. தள்ளுபடியை விலைக்கேற்பப் பிரித்தால் அந்தப் பொருளின் பங்கு 30, ஆகவே 270. மீதியிருப்பது 700தான், 800-ஐத் தொடவில்லை, எனவே கூப்பனே செல்லாது என்று எடுத்தால் மீதிப் பொருட்களுக்கு முழு 700 வசூலாக வேண்டும், கட்டிய 900-லிருந்து திருப்பித் தருவது 200. மூன்று விடைக்கும் நியாயம் சொல்லலாம். எது சரி என்பதை டெவலப்பர் முடிவு செய்யக் கூடாது, அது வணிக முடிவு. ஆனால் இப்படி மூன்று விடை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது டெக் லீடின் வேலை.

இங்கே கவனிக்க வேண்டியது, கேள்வியை எந்த வடிவத்தில் கொண்டுபோகிறோம் என்பதை. "பகுதி ரத்து வேண்டுமா? கூப்பன் விதி என்ன?" என்று கேட்டால் "ஆமா, எல்லாம் வேணும், இப்ப இருக்கிற மாதிரியே பண்ணுங்க" என்று பதில் வரும். அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. அதையே எண்களோடு மூன்று வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தொகையைப் போட்டு அனுப்பினால், படிப்பவர் நின்று யோசிப்பார். கணக்குப் பிரிவில் ஒருவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார். அந்தத் தயக்கமே உங்களுக்குத் தேவையான தகவல். இந்த வேலையில் இன்னும் யாரும் முடிவு செய்யாத ஒரு பகுதி இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது.

இப்படி ஒரு பக்கத்துக்கு எட்டுப் பத்து உதாரணங்கள் போதும். பொருள் பேக் ஆன பிறகு ரத்து செய்தால்? வாடிக்கையாளர் ரத்து பட்டனை அழுத்திய அதே நொடியில் கிடங்கில் ஒருவர் பேக் ஆனதாகப் பதிவு செய்தால் யார் பக்கம் வெற்றி? பாதிப் பணம் கிஃப்ட் கார்டிலும் மீதி வங்கி அட்டையிலும் கட்டியிருந்தால் முதலில் எதற்குத் திருப்புவது? ஒவ்வொன்றுக்கும் கீழே அணியின் உத்தேச விடையையும் எழுதி, "புதன்கிழமைக்குள் மாற்றுக் கருத்து வராவிட்டால் இதையே வைத்துத் தொடங்குகிறோம்" என்று ஒரு நாளும் குறிப்பிட வேண்டும். வெறும் கேள்வியை அனுப்பினால் அது ஒரு மூலையில் கிடக்கும். உத்தேச விடையோடு போனால், பிடிக்காதவர் உடனே எழுதுவார்.

நாள் குறித்துத் தொடங்குவது எல்லாக் கேள்விக்கும் பொருந்தாது. திரையில் வரும் வாசகம் தவறானால் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். தரவு அமைப்பு தவறானால் பின்னால் பல நாள் போகும். ரத்து நிலையை ஆர்டர் மட்டத்தில் வைப்பதா, ஆர்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளின் வரியிலும் வைப்பதா என்பது இரண்டாவது வகை. பகுதி ரத்து இப்போது வேண்டாம் என்று முடிவானாலும் நிலையை வரி மட்டத்தில் வைத்துவிடுவது நல்லது. கூடுதலாக ஒரு நாள் வேலைதான். பிறகு பகுதி ரத்து வரும்போது பழைய ஆர்டர்களை எல்லாம் இடம்பெயர்க்க வேண்டியிருக்காது. நேர்காணலில் இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே, தெளிவில்லாத தேவையில் எதைக் காத்திருந்து முடிவு செய்ய வேண்டும், எதை ஊகித்துத் தொடங்கலாம் என்று உங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும் என்பது விளங்கிவிடும். தனியாக அதை அறிவிக்க வேண்டியதில்லை.

எண் எங்கிருந்து வந்தது

எஸ்டிமேட் கேள்விக்கு வரும் மோசமான பதில், "டெவலப்பர்கள் சொன்னதோடு 30 சதவீதம் பஃபர் சேர்ப்பேன்." ஏன் 30, ஏன் 50 இல்லை என்று கேட்டால் பதில் இருக்காது. மேலும் எல்லா வேலைக்கும் ஒரே சதவீதம் சேர்ப்பது தப்பான இடத்தில் பாதுகாப்பு வைப்பதாகும். திரை வடிவமைப்பு 12 நாள் என்றால் 15-க்குள் முடிந்துவிடும். பேமென்ட் கேட்வேயோடு பேசும் வேலை 12 நாள் என்றால் 28 கூட ஆகலாம்.

இந்த வித்தியாசத்தை எண்ணில் பிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையிலிருந்து வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று எண்கள்: எல்லாம் கூடிவந்தால் எவ்வளவு, பெரும்பாலும் எவ்வளவு, மோசமாகப் போனால் எவ்வளவு.

```
E  = (O + 4M + P) / 6
SD = (P - O) / 6
```

O நல்ல நிலை, M நடுநிலை, P மோச நிலை. E எதிர்பார்க்கும் அளவு, SD அது எவ்வளவு ஆடலாம் என்பதற்கான அளவு. ரத்து வேலையை அணி ஏழு துண்டுகளாகப் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு ஆர்டருக்கான ரீஃபண்டுக்கு 8, 12, 28 ஆள்நாள், சூத்திரப்படி 14. பகுதி ரத்துக்கு, மேலே பார்த்த கூப்பன் கணக்கும் விற்பனை வரிக் கணக்கும் சேர்த்து 12, 18, 42, சூத்திரப்படி 21. ரத்து ஏபிஐ 8.5, கிடங்கு இருப்பைத் திருப்பி ஏற்றுவது 10, திரைகள் 12, வாடிக்கையாளர் உதவிக் குழுவுக்கான திரையும் அறிவிப்புகளும் 5, சோதனையும் வெளியீடும் 11. மொத்தம் 81.5 ஆள்நாள்.

81.5 என்பது நடுப்புள்ளி. ஏறக்குறைய பாதிக்குப் பாதி தவறக்கூடிய எண் அது. ஒவ்வொரு துண்டின் SD-யையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் இந்த உதாரணத்தில் 7-க்குச் சற்றுக் குறைவாக வரும். அதை 1.28-ஆல் பெருக்கிச் சேர்த்தால் பத்தில் ஒன்பது முறை போதுமான எண் கிடைக்கும், சுமார் 90 ஆள்நாள். இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு துண்டு தாமதமானால் மற்றது பாதிக்கப்படாது என்று இது நம்புகிறது. நடப்பில் ரீஃபண்ட் இழுத்தால் சோதனையும் சேர்ந்தே இழுக்கும். ஆகவே 90 என்பதைத் தரையாகப் பாருங்கள், கூரையாக அல்ல.

இன்னொரு வரம்பு மனிதருடையது. மோசமாகப் போனால் எவ்வளவு என்று கேட்டாலும் நாம் குறைத்தே சொல்கிறோம். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை 33.9 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை என்றதற்கு 48.6. உண்மையில் ஆனது 55.5 நாள். மோசநிலைக் கணிப்பையே நடப்பு தாண்டிவிட்டது. ஆகவே P-ஐ மனதிலிருந்து கேட்காமல் பதிவிலிருந்து எடுப்பதே சரி. கடைசியாக ஒரு வெளி நிறுவனத்தின் ஏபிஐயை இணைத்த வேலைக்கு டிக்கெட் திறந்த நாள் எது, மூடிய நாள் எது? அந்தக் கணக்கிலிருந்து வந்தது 28 என்று சொல்ல முடிந்தால், நேர்காணலில் அந்த எண்ணை யாரும் அசைக்க முடியாது.

வேலையின் அளவு தெரிந்துவிட்டது. கையில் இருக்கும் நாட்கள் எத்தனை என்பது பாதிப் பேர் சொல்லாமல் விட்டுவிடும் பகுதி. 4 பேர், 6 வாரம், வாரம் 5 நாள் என்றால் 120 ஆள்நாள். தேதி கொடுத்தவர் மனதில் இருப்பது இந்த 120தான், அதனால்தான் 6 வாரம் அவருக்கு நியாயமாகத் தெரிகிறது. முன்பே சொல்லிவைத்த விடுப்பு 6 நாள் போகட்டும். ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஆன்-காலில் இருக்கிறார், அவருடைய நேரத்தில் பாதி அதற்கே போகிறது. 6 வாரத்துக்கு 15 நாள். மீதி 99. இதில் மீட்டிங், கோட் ரிவ்யூ, பிற அணிகளின் கேள்விகள், திடீர் பிழைகள் என்று 30 சதவீதம் போனால் நிற்பது 69.

அந்த 30 சதவீதமும் ஊகமாக இருக்கக் கூடாது. முந்தைய இரண்டு காலாண்டுகளில் திட்டமிட்ட வேலைக்கு எத்தனை நாள் போனது என்று டிக்கெட்டுகளைப் பார்த்து எடுக்க வேண்டும். பார்த்தால் பெரும்பாலும் அணியே ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும்.

ஆள்நாளைப் பார்த்து மட்டும் திருப்தி அடைந்துவிடவும் கூடாது. 69-ஐ 4 பேருக்கும் 6 வாரத்துக்கும் பிரித்தால் ஒருவருக்கு வாரம் 3 நாள் கூட வரவில்லை. அப்படியானால் 14 ஆள்நாள் ரீஃபண்டை ஒருவரே செய்தால் கிட்டத்தட்ட 5 வாரம். அதற்குப் பிறகுதான் சோதனை என்றால் தேதி அங்கேயே தவறிவிட்டது. எனவே ரீஃபண்டில் முதல் நாளிலிருந்தே இருவர், சோதனை இரண்டாம் வாரத்திலேயே ஆரம்பம். கூட்டல் சரியாக வந்தும் தேதி தவறும் திட்டங்களில் பல இந்த இடத்தில்தான் தவறுகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டிய வேலைகளை யாரும் வரிசையாக வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தேதியைப் பற்றிப் பேசுவது

இப்போது கையில் இரண்டு எண்கள். வேலை 81 முதல் 90 வரை, கையிருப்பு 69. இதை வைத்துக்கொண்டு "6 வாரத்தில் முடியாது" என்று போய்ச் சொல்வதைத்தான் பலரும் எதிர்ப்புத் தெரிவித்தேன் என்று நேர்காணலில் விவரிக்கிறார்கள். அது பாதி வேலை. அதற்கு முன்னால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: இந்தத் தேதி எங்கிருந்து வந்தது?

தேதிகளில் மூன்று வகை உண்டு. சட்டம், ஒப்பந்தம், ஏற்கெனவே பணம் கட்டிய விளம்பரம் போல வெளியே கட்டிப்போட்ட தேதி. யாரோ மேலே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்ட தேதி. காலாண்டு முடிவு என்பதால் வட்டமாகப் போட்ட தேதி. மூன்றையும் ஒரே மாதிரி எதிர்ப்பவருக்கு அனுபவம் போதவில்லை என்று நேர்காணல் எடுப்பவர் எண்ணிவிடுவார். "ஒரு வாரம் தள்ளினால் யாருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

நம் உதாரணத்தில் டெக் லீடுக்கும் ப்ராடக்ட் மேனேஜருக்கும் பேச்சு இப்படிப் போகிறது என்று கொள்வோம்.

"ஆறாவது வாரக் கடைசியில என்ன நடக்குது? அன்னைக்கு இது இல்லேன்னா யாருக்குப் பிரச்சினை?"

"பெரிய தள்ளுபடி விற்பனை அதுக்கு அடுத்த வாரமே ஆரம்பிக்குது. போன தடவை ரத்து கேட்டு வந்த அழைப்பையே உதவிக் குழுவால சமாளிக்க முடியலை. அந்த அழைப்பு குறையணும்."

"அந்த அழைப்புகள்ல முழு ஆர்டரையும் ரத்து பண்ணச் சொன்னது எவ்வளவு, ஒரு பொருளை மட்டும் எடுக்கச் சொன்னது எவ்வளவு?"

"பார்த்துச் சொல்றேன்."

மறுநாள் விடை வருகிறது: பத்தில் எட்டு, முழு ஆர்டர். பேச்சு இங்கே திரும்பிவிடுகிறது. தேதி உண்மையானது, விற்பனைத் தொடக்கத்தை நகர்த்த முடியாது. ஆனால் அந்தத் தேதிக்கு உண்மையில் தேவைப்படுவது முழு ஆர்டர் ரத்து மட்டும். பகுதி ரத்தை எடுத்துவிட்டால் வேலை 60.5-க்கு இறங்குகிறது. அதிகமாக ஆடிய துண்டும் அதுதான் என்பதால் பாதுகாப்பான எண்ணும் 67-க்குள் வந்துவிடுகிறது. கையிருப்பு 69. நெருக்கம்தான், ஆனால் அடங்குகிறது.

மேலிடத்துக்குப் போகும் குறிப்பு அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் வழி, 6 வாரத்தில் முழு ஆர்டர் ரத்து, பகுதி ரத்து ஒன்பதாவது வாரத்தில். இரண்டாவது வழி, எல்லாம் சேர்த்து 8 வாரத்தில், அதாவது விற்பனை ஆரம்பித்த பிறகு. அணியின் பரிந்துரை முதல் வழி. முடிவு சொல்ல வேண்டியது எந்த நாளுக்குள், அதற்கு மேல் தாமதித்தால் எந்த வழி அடைபடும் என்று ஒரு வரி. முடியாது என்ற சொல்லே இதில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எது, எப்போது, எதை விட்டுக்கொடுத்து என்பதுதான் இருக்கிறது.

"இன்னும் இரண்டு பேர் தருகிறேன், எல்லாவற்றையும் 6 வாரத்தில் முடியுங்கள்" என்று வந்தால்? இந்தத் துணைக்கேள்வி அடிக்கடி வரும். 4 பேருக்குள் பேச்சுத் தொடர்பு 6 ஜோடி, 6 பேரானால் 15 ஜோடி. புதிதாக வருபவர்களுக்குக் கோடும் டெப்லாய்மென்டும் பிடிபட இரண்டு மூன்று வாரம் போகும், அதுவரை சொல்லிக்கொடுப்பவரின் நேரமும் போகும். 6 வார வேலையில் அது கட்டுப்படியாகாது. ஆனால் "ஆள் வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். வருபவர்களை ஆன்-காலுக்கு உதவியாகவோ, தெளிவாகப் பிரிந்து நிற்கும் திரை வேலைக்கோ எடுத்துக்கொண்டால் பயன் உண்டு. ஆன்-கால் 15 நாளில் பாதி திரும்பக் கிடைத்தாலே பெரிய விஷயம். எங்கே பயன்படும், எங்கே படாது என்று பிரித்துச் சொல்பவரின் பதில் தனியாகத் தெரியும்.

அடுத்து, "அவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால்?" கதையில் எல்லோரும் உடனே தலையாட்டிவிட்டால் கேட்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. முழு வேலையும் 6 வாரத்தில்தான் வேண்டும் என்று முடிவானால், டெக் லீட் செய்ய வேண்டியவை சில உண்டு. இந்த முடிவில் என்ன ஆபத்து என்பதை எண்ணோடு ஒரு மெயிலில் எழுதி, முடிவெடுத்தவரையே பதில் போடச் சொல்வது. அணியிடம் உண்மையைச் சொல்வது, மேலிடத்தைக் குறைகூறாமல். வேலை வரிசையைத் திருப்பி, பகுதி ரத்தைக் கடைசியில் வைப்பது. மூன்றாம் வார முடிவில் ரீஃபண்ட் சோதனைச் சூழலில் ஓடவில்லை என்றால் பகுதி ரத்து தானாகத் தள்ளிப்போகும் என்று இன்றைக்கே ஒப்புக்கொள்ள வைப்பது. இந்தக் கடைசி விஷயத்துக்குச் சம்மதம் வாங்குவது, தேதியை மாற்ற வைப்பதைவிட எளிது. அப்போதைக்கு யாரும் எதையும் இழப்பதில்லை.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. சோதனைக்கான 11 நாளைச் சத்தமில்லாமல் 4 ஆக்கிவிட்டு "அட்ஜஸ்ட் பண்ணிட்டோம்" என்று சொல்வது. நேர்காணலில் இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பணம் திருப்பித் தரும் ஒரு வேலையில் சோதனையைக் குறைத்தேன் என்பது, எதிரில் இருப்பவர் காதில் இரட்டை ரீஃபண்ட் என்று விழும்.

தவறிய எஸ்டிமேட்டைச் சொல்வது

எஸ்டிமேட் தவறிய சந்தர்ப்பம் கேட்கும்போது "எனக்கு அப்படி நடந்ததில்லை" என்பதும், "கொஞ்சம் தாமதமானது, இரவு உட்கார்ந்து முடித்தோம்" என்பதும் ஒரே அளவு பலவீனமான பதில்கள். கேட்பவர் பார்ப்பது மூன்றைத்தான்: எவ்வளவு தவறியது, அது என்றைக்குத் தெரிந்தது, தெரிந்த அன்றே யாரிடம் சொன்னீர்கள்.

ரத்து வேலையிலேயே ரீஃபண்ட் 14-க்குப் பதில் 22 ஆள்நாள் ஆனது என்று வைப்போம். காரணம் குறிப்பாக இருக்க வேண்டும். கேட்வேயின் சோதனைச் சூழலில் ரீஃபண்ட் அழைப்பு உடனே வெற்றி என்று திரும்பியது. உண்மைச் சூழலில் அதே அழைப்பு "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு, முடிவைப் பின்னால் வெப்ஹுக் வழியாக அனுப்பியது, சில சமயம் ஒரே செய்தியை இரண்டு முறை. ஆகவே ரீஃபண்டுக்கு "காத்திருக்கிறது" என்ற புதிய நிலை, இரண்டாம் முறை வரும் செய்தியை அடையாளம் கண்டு ஒதுக்க ஐடெம்பொட்டன்ஸி கீ, பதிலே வராதவற்றைத் தினம் ஒருமுறை கேட்வேயிடம் கேட்டுச் சரிபார்க்கும் ஜாப் என்று மூன்று வேலைகள் புதிதாக முளைத்தன. 8 நாள் அதற்கு.

தெரிந்தது இரண்டாம் வாரக் கடைசியில். அன்றே மொத்த வேலையைத் திரும்பக் கூட்டினால் 60.5-உடன் 8 சேர்ந்து 68.5, கையிருப்பு 69. மூச்சுவிட இடமில்லை. உதவிக் குழுவுக்கான திரையையும் அறிவிப்புகளையும், அதாவது 5 ஆள்நாளை, பின்னால் தள்ளினால் 63.5. அதுவரை உதவிக் குழு தினம் காலையில் ஒரு பட்டியலை எடுத்துப் பார்த்துக்கொள்ளும். அந்தத் துண்டுக்குக் குறித்திருந்தவர் சோதனைக்கு மாறுவார். ப்ராடக்ட் மேனேஜரிடமும் உதவிக் குழுத் தலைவரிடமும் அதே நாள் சொல்லி, ஒப்புதல் வாங்கியாயிற்று. தேதி நின்றது. இதைச் சொல்லும்போது "நாங்கள்" என்றே போய்க்கொண்டிருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நிறுத்திக் கேட்பார்கள். வெப்ஹுக் சிக்கலைக் கண்டுபிடித்தது அணியில் ஒருவர் என்றால் அவரைச் சொல்லுங்கள். வேலையைத் திரும்பக் கூட்டி, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்து, இரண்டு பேரிடம் பேசியது நீங்கள் என்றால் அதையும் அதே அளவுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். முதல் பதில் 4 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அதில் பின்னணிக்கு அரை நிமிடம் போதும். அணி எத்தனை பேர், என்ன வேலை, என்ன தேதி, அவ்வளவுதான். நிறுவனத்தின் கட்டமைப்பை விளக்க ஆரம்பித்தால் முடிவுகளுக்கு நேரம் இருக்காது. மீதி விவரமெல்லாம் துணைக்கேள்விக்காகக் கையிருப்பில் இருக்கட்டும். பழைய நிறுவனத்தின் வருமானமோ வாடிக்கையாளர் பெயரோ வேண்டாம். "அழைப்புகளில் பத்தில் எட்டு" என்பது போன்ற விகிதம் போதும், யாருடைய ரகசியமும் வெளியே போகாது. தயாரிக்கும்போது பழைய டிக்கெட்டுகளோ காலண்டரோ இனிப் பார்க்கக் கிடைக்காது என்றால், அந்த அணியில் கூட இருந்த ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். நீங்கள் மறந்துபோன இரண்டாம் வாரம் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

கடைசியாக ஒரு துணைக்கேள்வி பெரும்பாலும் வரும்: "அதே வேலையை இன்று செய்தால் எதை மாற்றுவீர்கள்?" "இன்னும் முன்னாடியே பேசியிருப்பேன்" என்பது எல்லோரும் சொல்வது. இந்த வேலைக்கே உரிய பதில் இப்படி இருக்கும்: எஸ்டிமேட் போடும் முன்பே 2 ஆள்நாள் ஒதுக்கி, உண்மைச் சூழலில் மிகச் சிறிய தொகைக்கு ஒரு ஆர்டர் போட்டு, கையாலேயே அதற்கு ரீஃபண்ட் அழைப்பை அனுப்பி, வெப்ஹுக் வரும்வரை காத்திருந்து பார்த்திருப்பேன். 28 என்று எழுதிய அந்த மோசநிலை எண்ணுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும், உதவிக் குழுத் திரையைத் தள்ள வேண்டியும் வந்திருக்காது.